பதிவேட்டில் ‘கவனக்குறைவு’ என்று எழுதும் முன்

தொழிற்சாலை விபத்துப் பதிவேட்டில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம் இருக்கும். பக்கங்களைப் புரட்டினால் பெரும்பாலும் அதில் ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்றுதான் எழுதியிருக்கும். பக்கத்துக் கட்டம் ‘எடுத்த நடவடிக்கை’. அதில் ‘கவனமாக இருக்கும்படி அறிவுறுத்தப்பட்டது’. இரண்டு கட்டமும் நிரம்பிவிட்டதால் விசாரணை முடிந்தது.

அடிபட்டவரிடமே டீக்கடையில் உட்கார்ந்து கேட்டால் வேறு மாதிரி சொல்வார். அந்தப் பதில்கள் ஏறக்குறைய நான்கு வகைக்குள் அடங்கிவிடும். “கை தவறிடுச்சுங்க.” “மறந்துட்டேன் சார்.” “அது அப்படித்தான்னு நெனச்சேன்.” நான்காவதைக் கொஞ்சம் குரலைத் தாழ்த்திச் சொல்வார்: “தெரியும் சார். ஆனா ரூல்படி செஞ்சா வேலை ஓடாது.”

பிரிட்டனைச் சேர்ந்த உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன் 1990-இல் வெளியிட்ட நூலில் மனிதத் தவறுகளைப் பிரித்துக் காட்டியது இந்த நான்காகத்தான். பாதுகாப்புத் துறையில் அவற்றை ஸ்லிப், லாப்ஸ், மிஸ்டேக், வயலேஷன் என்பார்கள். நாம் கைத்தவறு, மறதி, தப்புக்கணக்கு, மீறல் என்று வைத்துக்கொள்ளலாம். முதல் இரண்டில் நினைத்தது சரி, செய்ததுதான் பிசகியது. மூன்றாவதில் நினைத்தபடியே செய்து முடித்தார், நினைப்பே தப்பு. நான்காவதில் விதி தெரியும், தெரிந்தேதான் அதைத் தாண்டினார். யாருக்கும் தீங்கு வரட்டும் என்று அல்ல. கெடுதல் செய்யும் எண்ணம் இருந்தால் அது நாசவேலை, இந்தக் கணக்கிலேயே வராது.

பிரித்துப் பார்ப்பதில் என்ன லாபம்? ஒன்றுக்குக் கொடுக்கும் மருந்து மற்றொன்றுக்கு வேலை செய்யாது. இதைப் பொதுவாகச் சொல்லிப் புரியவைப்பது கடினம். ஒரே ஒரு மெஷினை வைத்துச் சொல்கிறேன். நான் சில வருடங்கள் பராமரிப்பு வேலை பார்த்த ஒரு சின்ன பிரஸ் ஷாப்பில் இந்த நான்கும் ஒரே பவர் பிரஸ்ஸில் நடந்தன.

அது 50 டன் மெக்கானிக்கல் பிரஸ். பக்கவாட்டில் ஒரு பெரிய ஃப்ளைவீலை மோட்டார் பெல்ட் போட்டு எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆபரேட்டர் காலால் பெடலை மிதித்தால் கிளட்சுக்குள் இருக்கும் கீ திரும்பி, சுற்றுகிற வீலோடு கிராங்க் ஷாஃப்ட் பூட்டிக்கொள்ளும். ராம் என்ற கனமான மேல்பாகம் கீழே வந்து, தகட்டுக்கு வடிவம் கொடுக்கும் அச்சான டையில் அடித்துவிட்டு மேலே போய் நிற்கும். இந்தக் கீ கிளட்சின் குணம் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: ஒருமுறை பூட்டிக்கொண்டால் முழுச் சுற்றும் முடியும்வரை விடாது. பாதியில் நிறுத்த வழியே இல்லை. எங்கள் பிரஸ் நிமிடத்துக்கு 60 முறை அடிக்கும். ஆகவே ஒரு சுற்றுக்கு ஒரு நொடி, அதில் ராம் இறங்குவதற்கு அரை நொடி.

வேலை எளிமையானது. இடது கையால் தகட்டுத் துண்டை டையில் வை, கையை எடு, மிதி, வலது கையால் பீஸை எடு. ஷிஃப்டுக்கு 3,000 பீஸ்.

“கை தவறிடுச்சுங்க”

முதலில் அடிபட்டவர் பதினோரு வருட அனுபவஸ்தர். ஆள்காட்டி விரலின் நுனி போயிற்று. ‘இவ்வளவு அனுபவம் இருந்துமா?’ என்று எல்லாரும் கேட்டார்கள். அனுபவம் இருந்ததால்தான் என்பதே சரியான பதில்.

புதிதாக வந்தவர் ஒவ்வொரு அசைவையும் பார்த்துப் பார்த்துச் செய்வார். பத்தாயிரம் முறை செய்தவரின் உடம்பு அதைத் தாளமாக மாற்றிக்கொள்ளும். வை, எடு, மிதி. மனம் வேறெங்கோ இருந்தாலும் கைகால் தாளத்தைப் பிடித்துக்கொண்டு போகும். அன்றைக்கு நடந்தது இதுதான்: தகட்டை அதன் இடத்தில் நிறுத்தும் லொகேட்டர் பின்னில் அது சரியாக உட்காரவில்லை. கையை எடுத்தவர் அது கோணலாக இருப்பதைக் கண்டு, தட்டிவிட மறுபடி கையை உள்ளே விட்டார். கைக்குத் திரும்பிப் போகச் சொல்லி உத்தரவு வந்தது. காலுக்கு வரவில்லை. கால் தாளப்படி மிதித்துவிட்டது.

இதற்கு ‘கவனமாக இரு’ என்று சொல்வதில் என்ன பயன் என்று ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஒருவர் மிக மிகக் கவனமானவர், ஒரு லட்சம் மிதிப்புக்கு ஒரே ஒருமுறைதான் தாளம் தப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு 3,000, வருடத்துக்கு 300 வேலை நாள், மொத்தம் 9 லட்சம் மிதிப்பு. வருடத்துக்கு ஒன்பது முறை தப்பும். ஒன்பது முறையும் கை உள்ளே இருக்காது என்பது மட்டுமே அவருடைய பாதுகாப்பு. தவிர, கைத்தவறைச் செய்கிறவருக்கு அது செய்து முடிந்த பிறகுதான் தெரியும். முன்கூட்டியே தெரிந்தால் அது கைத்தவறே அல்ல.

ஆகவே வேலையைத்தான் மாற்ற வேண்டும். மாற்ற இரண்டு இடங்கள் இருந்தன. ஒன்று, தகடு ஏன் கோணலாக உட்கார்ந்தது? லொகேட்டர் பின் தேய்ந்திருந்தது. முந்தைய வெட்டில் வந்த பிசிறும் ஓரத்தில் இருந்தது. ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை கை திரும்ப உள்ளே போகிறது என்று நின்று எண்ணிப் பார்த்தால் போதும், அந்த டையின் ஆபத்து தெரிந்துவிடும். பின்னை மாற்றிப் பிசிறைத் தட்டிய பிறகு அந்த எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. ஆனால் இது வாய்ப்பைத்தான் குறைக்கும். இரண்டாவது இடம்தான் முக்கியம்: தாளம் தப்பினாலும் கை அகப்படாதபடி செய்வது.

கைத்தவறுக்கு மாற்று, பார்த்துச் செய்யச் சொல்வதல்ல, தப்பினாலும் ஒன்றும் ஆகாதபடி வைப்பது என்பதற்குப் புகழ்பெற்ற பழைய உதாரணம் ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது பி-17 குண்டுவீச்சு விமானங்களில் தரையிறங்கிய பிறகு விமானிகள் இறக்கையின் ஃப்ளாப்பை மடக்குவதற்குப் பதிலாகச் சக்கரத்தை மடக்கிவிடுவார்கள். விமானம் வயிறு தரையில் பட உட்கார்ந்துவிடும். விமானி தவறு என்றே எழுதி வந்தார்கள். அல்போன்ஸ் சப்பானிஸ் என்ற உளவியலாளர் காக்பிட்டுக்குள் போய்ப் பார்த்தார். இரண்டு சுவிட்சும் ஒரே மாதிரி, பக்கத்துப் பக்கத்தில். சக்கரத்துக்கான சுவிட்சின் தலையில் சின்னச் சக்கரம் ஒன்றும், ஃப்ளாப் சுவிட்சில் ஆப்பு வடிவம் ஒன்றும் பொருத்தச் சொன்னார். தொட்டாலே எது என்று தெரிந்தது. இன்றும் பயணி விமானங்களில் சக்கர லீவரின் தலை சக்கர வடிவில்தான் இருக்கிறது.

எங்கள் முதலாளியும் உடனே காரியத்தில் இறங்கினார். பெடலைக் கழற்றி, கிளட்சை இழுக்க ஏர் சிலிண்டர் போட்டு, இரண்டு பச்சை பட்டன் வைத்தார். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் ராம் இறங்கும். கை பட்டனில் இருந்தால் டைக்குள் எப்படி இருக்கும்? நாங்களும் திருப்தியாகத்தான் இருந்தோம். அந்தத் திருப்தியின் கதையைப் பிறகு சொல்கிறேன்.

“மறந்துட்டேன் சார்”

ஏடிஎம் வந்த புதிதில் பல மெஷின்கள் முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு கார்டைத் தள்ளும். பணம் வந்ததும் வந்த காரியம் முடிந்தது, ஆள் நடையைக் கட்டிவிடுவார், கார்டு மெஷினிலேயே நிற்கும். இப்போது கார்டை எடுத்தால்தான் பணம் வரும் என்று வரிசையை மாற்றிய மெஷின்களே அதிகம். மக்களின் ஞாபகசக்தி கூடவில்லை. மறக்க முடியாத இடத்துக்கு அந்த வேலை நகர்ந்துவிட்டது.

மறதி எங்கே வரும் என்று ஓரளவு முன்கூட்டியே சொல்லலாம். முக்கிய வேலை முடிந்த பிறகு மீதமிருக்கும் சில்லறை வேலையில் வரும். நடுவில் யாராவது கூப்பிட்ட இடத்தில் வரும்.

பிரஸ்ஸில் டை மாற்றும் வேலையில் இரண்டும் உண்டு. ராமுக்குக் கீழே கையும் தலையும் போகும் வேலை அது. அதனால் மோட்டாரை நிறுத்தி, ராமுக்கும் டை உட்காரும் பெட்டுக்கும் நடுவே ஒரு கனமான முட்டுக்கட்டை வைப்பார்கள். பிறகு டையை ஏற்றி நேர்பார்த்து, நான்கு கிளாம்ப் போல்ட்டை இறுக்கி, முட்டுக்கட்டையை எடுத்துவிட்டு ஓட்ட வேண்டும். டை நேராக உட்கார்ந்த நிமிடமே டை செட்டரின் மனதில் வேலை முடிந்துவிடும். முட்டுக்கட்டையை எடுப்பது, ஸ்பேனரை எடுப்பது எல்லாம் சில்லறை. ஒருநாள் எங்கள் செட்டர் முட்டுக்கட்டையை எடுக்காமலே மோட்டாரைப் போட்டுப் பட்டனை அழுத்திவிட்டார். முட்டு தெறித்துப் பக்கத்து மெஷின் அடியில் போய் விழுந்தது. கிராங்க் வளைந்தது. ஆளுக்கு ஒன்றுமில்லை.

இதற்கான ஏற்பாடு உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருப்பதுதான். முட்டுக்கட்டையோடு ஒரு மின் பிளக்கைக் குட்டைச் சங்கிலியால் கட்டிவிடுவார்கள். அந்தப் பிளக் பிரஸ்ஸின் தூணில் இருக்கும் சாக்கெட்டில் செருகியிருந்தால்தான் மோட்டார் ஓடும். சங்கிலி குட்டை என்பதால், பிளக்கைப் பிடுங்காமல் முட்டுக்கட்டையை ராமுக்குக் கீழே கொண்டுபோக முடியாது. முட்டு உள்ளே இருக்கும்வரை மோட்டார் செத்துக் கிடக்கும். மறந்தாலும் மெஷின் ஞாபகப்படுத்தும். லேத் ஓட்டுகிறவர்களுக்கு இதன் தம்பி தெரிந்திருக்கும்: கையை எடுத்ததும் ஸ்பிரிங் தள்ளி வெளியே விழுந்துவிடும் சக் கீ.

நான்கு போல்ட்டுக்கு இப்படி ஒரு பூட்டுப் போட முடியவில்லை. மூன்றை இறுக்கிவிட்டு நான்காவதில் கை வைக்கும்போது போன் வரும். திரும்பி வந்ததும் நான்கும் முடிந்ததாகவே தோன்றும், ஏனென்றால் போல்ட் நான்கும் ஒரே மாதிரிதான் தெரிகின்றன. ஆகவே இறுக்கிய போல்ட்டின் தலையிலிருந்து கிளாம்ப்வரை சாக்பீஸால் ஒரு கோடு இழுக்கச் சொன்னோம். கோடு இல்லாத போல்ட் இரண்டடி தள்ளி நின்றாலே தெரியும். தலைக்குள் இருந்த ஞாபகம் போல்ட்டின் மேலேயே வந்து உட்கார்ந்துவிட்டது. செக்லிஸ்ட் என்பதும் அடிப்படையில் இதே காரியம்தான். ஆனால் ஆபீஸ் ஃபைலில் இருக்கும் செக்லிஸ்ட் மறதிக்கு உதவாது, அதை நிரப்ப மறந்துவிடுவார்கள். அல்லது ஷிஃப்ட் முடிவில் மொத்தமாக டிக் போட்டுவிடுவார்கள்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிளக் ஏற்பாடு முட்டுக்கட்டையை எடுக்க மறப்பதைத் தடுக்கும். முட்டே வைக்காமல் கையை விடுகிறவரை அது தடுக்காது.

“அது அப்படித்தான்னு நெனச்சேன்”

அப்படி முட்டு வைக்காமல் கை விட்டவர் ஒரு ஃபிட்டர். பீஸ் டையில் சிக்கிக்கொண்டது. மெயின் சுவிட்சை அணைத்தார். சத்தம் நின்றதை உறுதிசெய்துகொண்டார். திருகுளி வைத்துப் பீஸை நெம்பினார். நெம்பும்போது அவர் முழங்கை கிளட்ச் இணைப்புக் கம்பியில் பட்டது. கீ திரும்பியது. ராம் ஒரு முழுச் சுற்று வந்தது. திருகுளிதான் நசுங்கியது, கை பிழைத்தது.

அவர் கவனமாகத்தான் இருந்தார், எதையும் மறக்கவில்லை, தான் அறிந்த விதியைச் சரியாகவே கடைப்பிடித்தார். அதற்கு முன் அவர் வேலை செய்த இடத்தில் ஏர் கிளட்ச் பிரஸ். அதில் மெயினை அணைத்தால் காற்று வெளியேறி, ஸ்பிரிங் பிரேக் பிடித்து, ராம் இருந்த இடத்திலேயே நின்றுவிடும். ‘அணைத்துவிட்டால் ஆபத்தில்லை’ என்பது அங்கே உண்மை. இங்கே மோட்டார் நின்ற பிறகும் ஃப்ளைவீல் தன் கனத்தாலேயே வெகுநேரம் சுற்றும். சுற்றுகிற வீலும் ஒரு கம்பியும் இருந்தால் ராம் இறங்கும், கரண்ட் தேவையில்லை.

தப்புக்கணக்கின் குணம் இது. ஓரிடத்தில் நல்லதாக இருந்த விதி, இடம் மாறியதும் கெட்டதாகிவிடுகிறது. செய்கிறவருக்குச் சந்தேகம் வராது, ஏனென்றால் அவர் நினைத்தபடியேதான் எல்லாம் நடந்துகொண்டிருக்கிறது. செக்லிஸ்ட் கொடுத்தாலும் ‘மெயின் அணைக்கப்பட்டது’ என்று நிம்மதியாக டிக் போடுவார்.

1989 ஜனவரி 8-இல் இங்கிலாந்தின் கெக்வொர்த் அருகே விழுந்த போயிங் 737-400 விமானத்தில் நடந்ததும் இந்த வகைதான். இடது இன்ஜினில் விசிறி இறகு ஒன்று முறிந்து விமானம் குலுங்கியது, புகை வந்தது. விமானிகள் அணைத்ததோ நன்றாக இருந்த வலது இன்ஜினை. பழைய 737-இல் பயணிகள் பகுதிக்கான காற்று பெரும்பாலும் வலது இன்ஜினிலிருந்து வரும் என்ற நினைப்பும் அதற்கு ஒரு காரணம். புதிய ரகத்தில் அந்த ஏற்பாடு மாறியிருந்தது. வலதை அடக்கியதும் தற்செயலாகக் குலுக்கல் குறைந்தது. கணக்கு சரிதான் என்று உறுதியாகிவிட்டது. 47 பேர் இறந்தார்கள். முடிவு தப்பு என்று சொல்ல வேண்டிய இன்ஜின் அதிர்வுமானி காக்பிட்டில் இருக்கத்தான் செய்தது. ஆனால் அது சின்னதாக இருந்தது, பழைய ரகங்களில் அந்த மீட்டரை விமானிகள் பெரிதாக நம்பியதும் இல்லை.

ஆகவே தப்புக்கணக்குக்கு எதிரான வடிவமைப்பு, மெஷினின் உண்மை நிலையைக் கண்ணுக்கு முன் காட்டுவதுதான். எங்கள் பிரஸ்ஸில் ஃப்ளைவீலை மூடியிருந்த பாதுகாப்பு மூடி, அதாவது கார்டு, முழுத் தகடு. பெல்ட்டில் கை மாட்டாமல் காப்பாற்றிய அதே கார்டு, வீல் சுற்றுகிறதா நிற்கிறதா என்பதையும் மறைத்துவிட்டது. தகட்டை எடுத்துவிட்டு வலைக் கார்டு போட்டோம். வீலின் மேல் குறுக்காக மஞ்சள் பட்டை அடித்தோம். இப்போது சுற்றினால் மஞ்சளாகத் தெரியும், நின்றால் பட்டையாகத் தெரியும். புதிதாக வரும் ஃபிட்டருக்கு வகுப்பு எடுப்பதைவிட ஒன்று செய்தோம்: டையில்லாமல் மோட்டாரை அணைத்துவிட்டு, சிறிது நேரம் கழித்து ஒரு மரக்கட்டையை நீட்டச் சொல்லி, கம்பியைத் தூரத்திலிருந்து தட்டிக் காட்டுவோம். கட்டை பிளக்கும் சத்தம் கேட்டவர் மறுபடி அந்தக் கணக்கைப் போடமாட்டார். வசதியுள்ள இடங்களில் வீல் முழுக்க நின்றால்தான் டை கார்டின் பூட்டுத் திறக்கும்படி வைப்பார்கள்.

இப்போது பட்டன் கதைக்கு வருகிறேன். தப்புக்கணக்கு ஃபிட்டருக்கு மட்டும் சொந்தமல்ல. இரண்டு கைப் பட்டனை டையிலிருந்து ஒன்றரை அடி தூரத்தில் வைத்தோமே, அதில் முதலாளியும் நானும் போட்டது பெரிய தப்புக்கணக்கு. பட்டனை அழுத்திய பிறகு கையை எடுத்து டைக்குள் விட எவ்வளவு நேரம் ஆகும்? மனிதக் கை வேகத்தை இந்தக் கணக்குகளில் நொடிக்கு 1.6 மீட்டர் என்று எடுப்பார்கள். பாதியில் நிற்கக்கூடிய பிரஸ்ஸாக இருந்தால், கை பட்டனை விட்டதும் ராம் நின்றுவிடும். நிற்க எடுக்கும் சில நூறு மில்லிநொடிக்கு மட்டும் தூரம் விட்டால் போதும். எங்களுடையது நிற்காது. கீ பூட்டிக்கொள்ளச் சுற்றுக்கு ஒரே ஒரு இடம். அழுத்திய நேரத்தில் அந்த இடம் சற்று முன்தான் கடந்து போயிருந்தால் இன்னொரு முழுச் சுற்று காத்திருக்கும், ஒரு நொடி. பிறகு இறங்க அரை நொடி. மொத்தம் 1.5 நொடி. அதற்குள் கை 2.4 மீட்டர் போகும். பட்டனை எட்டடி தள்ளி வைத்தால்தான் பாதுகாப்பு. எட்டடி தள்ளி நின்று யாரும் தகடு வைக்க முடியாது.

ஆக, மெதுவான கீ கிளட்ச் பிரஸ்ஸில் இரண்டு கைப் பட்டன் வெறும் தைரியம். கீ தேய்ந்தோ உடைந்தோ போய், அழுத்தாமலே ராம் இரண்டாவது அடி அடித்தால் அந்தத் தைரியமும் போச்சு. ஏர் கிளட்சுக்கு நல்ல விதி, இங்கே செல்லாத விதி. ஃபிட்டர் செய்த தப்பு எதுவோ அதேதான், வேறு நாற்காலியில்.

“தெரியும் சார். ஆனா...”

இதை நான் கணக்குப் போட்டுக் கண்டுபிடிப்பதற்கு முன்பே ஆபரேட்டர்கள் அந்தப் பட்டனைத் தீர்த்துக்கட்டிவிட்டார்கள். வைத்த பத்தாவது நாள் இடது பட்டனில் சைக்கிள் டியூப் துண்டு இறுக்கிக் கட்டியிருந்தது. வலது கை மட்டும் அழுத்தியது, இடது கை தகடு வைத்தது. சூப்பர்வைசர் அந்தப் பக்கம் தினமும் நடந்தார். கஸ்டமர் ஆடிட்டுக்கு வரும் காலையில் மட்டும் டியூப் காணாமல் போகும்.

முதல் கோபம் இயல்பானது: ‘உன் விரலுக்காகத்தானே வைத்தோம்!’ கோபம் தணிந்த பிறகு கடிகாரம் எடுத்துக்கொண்டு நின்றேன். பெடல் இருந்தபோது ஒரு பீஸுக்கு 9 நொடி. பட்டனில் 12 நொடி. இடைவேளை போக ஷிஃப்டுக்கு ஏழரை மணி நேரம், அதாவது 27,000 நொடி. 9 நொடியில் 3,000 பீஸ், 12 நொடியில் 2,250. கூலியோ பீஸ் கணக்கு. விதியைக் கடைப்பிடித்தால் கால்வாசிச் சம்பளம் போகும். தவிர, பட்டன் நெஞ்சு உயரத்தில் இருந்தது, மதியத்துக்குமேல் தோள் கடுக்கும். விரல் போவது என்றோ ஒருநாள், அதுவும் வேறு யாருக்கோ. சம்பளம் குறைவது இந்தச் சனிக்கிழமை.

மீறலிலும் வகை உண்டு. எல்லாரும் தினமும் செய்வதால் அதுவே முறையாகிவிட்டது ஒன்று. சரியான கருவி இல்லை, ஆள் இல்லை, வேறு வழியே இல்லாமல் செய்வது இன்னொன்று. இதுவரை வராத நெருக்கடியில் ஒருமுறை துணிவது மூன்றாவது. டியூப் கட்டியது முதல் வகை. முதல் வகைக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தால் டியூப்புக்குப் பதில் தீக்குச்சி வரும், அவ்வளவுதான்.

பூட்டைக் கெட்டியாக்கலாம். ஒவ்வொரு அடிக்கும் இரண்டு பட்டனையும் விட்டு விட்டு அழுத்தினால்தான் ஓடும், அரை நொடிக்குள் இரண்டும் அழுந்த வேண்டும் என்று கண்ட்ரோல் உண்டு. கட்டிவைத்தால் மெஷின் நின்றுவிடும். ஒரு கையும் அதே கையின் முழங்கையும் எட்டாதபடி இடைவெளியும் விடுவார்கள். இவை தேவைதான். ஆனால் இவை மீறுவதைக் கடினமாக்குமே தவிர, மீறவேண்டிய காரணத்தை அப்படியே விட்டுவைக்கும். மீறலுக்கு எதிரான வடிவமைப்பு வேறு கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும்: ஒழுங்காகச் செய்கிறவருக்கு என்ன நஷ்டம், அதை எப்படிப் போக்குவது?

பெரிய ஆபரேட்டர் ஒருவர்தான் வழி சொன்னார். “தகட்டை உள்ள போயி வெக்கிறதாலதானுங்க இவ்வளவு பாடு. மேசை டிராயர் மாதிரி வெளிய இழுத்து வெச்சுத் தள்ளிட்டா?” அதையே செய்தோம். டையின் முன்பக்கம் ஒரு சறுக்குத் தட்டு. அதை வெளியே இழுத்து, கண்ணுக்கு நேராகத் தகட்டை வைத்து, உள்ளே தள்ள வேண்டும். டையைச் சுற்றி வலைக் கூண்டு. தட்டு முழுக்க உள்ளே போனதும் அதன் முகப்புப் பலகை கூண்டின் வாயை அடைத்துவிடும். வாய் அடைபட்டால்தான் கிளட்ச் இழுபடும். பீஸ் பின்பக்கம் காற்றடித்து விழும், எடுக்கக் கை வேண்டாம்.

பெடலையே திரும்ப மாட்டிவிட்டோம். தாளம் தப்பி மிதித்தால் ஒன்றும் நடக்காது, தட்டு வெளியே இருக்கிறது. ராம் தானாக இரண்டாவது அடி அடித்தால் அடிக்கட்டும், கை கூண்டுக்குள் இல்லை. தகடு கோணலாக உட்கார்ந்தாலும் சரிசெய்வது வெளியில்தான். முதல் வாரம் 11 நொடி. தட்டுக்கு எண்ணெயும் பழக்கமும் ஏறிய பிறகு 9 நொடிக்குள் வந்துவிட்டது. அந்த முதல் வாரத்துக்கு மட்டும் பழைய சராசரிக் கூலியைக் கொடுக்கச் சொல்லி முதலாளியிடம் மன்றாட வேண்டியிருந்தது. கூண்டை யாரும் கழற்றவில்லை. கழற்றினால் லாபம் எதுவும் இல்லையே.

விபத்து நடந்த பிறகு எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு சோதனை எனக்கு உதவியது. அதே பயிற்சி உள்ள வேறொருவர் அதே நேரத்தில் அதே இடத்தில் நின்றிருந்தால் இதையே செய்திருப்பாரா என்று அவருடைய கூட்டாளிகளிடமே கேட்க வேண்டும். ‘யாரா இருந்தாலும் அப்படித்தான்’ என்று வந்தால் ஆளை விட்டுவிட்டு வேலையைப் பார்க்க வேண்டும். எல்லா விபத்தும் ஒரு வகைக்குள் அடங்கும் என்றும் இல்லை. டியூப் கட்டியது மீறல், கட்டிய நிலையில் கை உள்ளே இருக்கும்போது மற்றக் கை அழுத்திவிட்டால் அது கைத்தவறு. பதிவேட்டில் இரண்டையும் தனித்தனியாக எழுத வேண்டும், இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

சறுக்குத் தட்டு எல்லா டைக்கும் கட்டுப்படியாகாது. 200 பீஸ் மட்டும் அடிக்கும் சில்லறை ஆர்டருக்கு யாரும் தட்டுச் செய்ய மாட்டார்கள். அதற்குக் காந்த முனை வைத்த நீளமான இடுக்கிதான், கை வெளியே, இடுக்கி உள்ளே. அது முழுக்க முழுக்க ஆபரேட்டரின் மனதை நம்பியிருக்கும் ஏற்பாடு. முதலில் வாங்கித் தந்த இடுக்கி கனமாக இருந்தது, சின்னத் தகட்டை விடமாட்டேன் என்று அடம்பிடித்தது. ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தபோது அது மாட்டிய ஆணியிலேயே ஒட்டடையோடு தொங்கியது. அடுத்த இடுக்கியை ஆபரேட்டர்களே கடைக்குப் போய்த் தேர்ந்தெடுத்தார்கள். அதன் பிடியில் இப்போது பெயிண்ட் தேய்ந்து இரும்பு தெரிகிறது.